கைகலப்பு ஏற்பட்டது

எட்டாம் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நடந்ததை அன்று மாலையே எழுதிவிட்டேன். மூன்றே வரி. "இடைவேளையில் இரு மாணவர்களுக்கிடையே கைகலப்பு ஏற்பட்டது. ஒரு மாணவன் தகாத வார்த்தை பேசியதாகத் தெரிகிறது. இருவரும் கண்டிக்கப்பட்டனர்." யார் பக்கமும் சாயவில்லை என்ற நிம்மதியோடு எங்கள் பள்ளி ஆலோசகரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்டார்: "டீச்சர், இதுல யாரு யாரை என்ன செஞ்சாங்க?"

அந்தத் தாளில் அதற்குப் பதில் இல்லை. மழை பெய்வதைப் போல, செய்தவர் யாரும் இல்லாமலே ஒரு காரியத்தை நடத்திவிடும் சொல் 'ஏற்பட்டது'. அலுவலகத் தமிழில் ஊறிய கைக்கு அது தானாக வந்துவிடுகிறது. அதைவிட மோசம், கைகலப்பே நடக்கவில்லை என்பது. நான் போனபோது மணி 12.50. குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பையன் குந்தி உட்கார்ந்து, தரையில் சிந்திய சோற்றை டப்பாவுக்குள் அள்ளிக்கொண்டிருந்தான். எதிரே நால்வர் நின்றார்கள். இருவர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். டப்பாவை யார் தட்டிவிட்டது என்று நான் பார்க்கவில்லை.

இரண்டாவது தாளை இங்கிருந்து தொடங்கினேன். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதை யார் சொன்னது என்றும் எழுதினேன். ஐந்து பேரையும் பள்ளி விடுவதற்கு முன்பே தனித்தனியாகக் கேட்டிருந்தது நல்லதாயிற்று. ஒன்றாக வீட்டுக்கு நடந்துபோனால் மறுநாள் எல்லோரிடமும் ஒரே கதைதான் இருக்கும். "நீதானே தட்டிவிட்டே?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. "மணி அடிச்சதுலேருந்து சொல்லு" என்றால் பிள்ளைகள் நிறையவே சொல்கிறார்கள். "தெரியாம கை பட்டுடுச்சு" என்றான் ஒருவன். முதலில் நான் எழுதியது 'என்று மழுப்பினான்'. பிறகு அதை 'என்றான்' ஆக்கினேன். 'ஒப்புக்கொண்டான்', 'சாதித்தான்', 'சொன்னானாம்' எல்லாமே எழுதுகிறவரின் தீர்ப்பைச் சுமந்துவருகிற சொற்கள்.

'தகாத வார்த்தை' என்ற இடத்தில்தான் கை தயங்கியது. அந்தச் சொல் 'கரிச்சட்டி'. அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதினேன். எழுதாமல் விட்டால் ஒரு தகப்பன் அதைவிடக் கொடியதைக் கற்பனை செய்துகொள்வார், இன்னொருவர் 'பசங்க கிண்டல்' என்று தள்ளிவிடுவார். அதுவே சாதியைச் சுட்டும் சொல்லாக இருந்தால் நடவடிக்கையே வேறு. மறைத்து எழுதினால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நடுநிலை என்றால் ஆளுக்குப் பாதிப் பழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பள்ளிக் கொடுமையைப் பல்லாண்டு ஆராய்ந்த டான் ஓல்வேயுஸ், சாதாரணச் சண்டையிலிருந்து அதைப் பிரிக்க இரண்டு அடையாளங்கள் சொன்னார்: அது திரும்பத் திரும்ப நடக்கும், இரு தரப்பின் பலமும் சமமாக இருக்காது. 'இரு மாணவர்களுக்கிடையே' என்ற என் சொற்கள் இரண்டையும் அழித்துவிட்டன. அதற்காக 'வம்புக்காரன்', 'பாவம்' என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை. ஒரு பக்கம் நால்வர், மறுபக்கம் ஒருவன் என்ற எண்ணிக்கை போதும். காலாண்டுத் தேர்விலிருந்து 'கரிச்சட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அவன் சொன்னதை அவன் வாக்காகவே எழுதினேன். வருகைப் பதிவேட்டில் அந்த மாதம் 4 நாள் அவன் வரவில்லை. நான்கும் பி.டி. வகுப்பு இருக்கும் நாட்கள். 'பயந்து வரவில்லை' என்று எழுதப் பேனா துடித்தது. எழுதவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டறிவது ஆலோசகரின் வேலை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தை தொடர்பான நடைமுறைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. பள்ளிக் குறிப்பேட்டை மனதில் வைத்து எழுதிய விதி அல்ல அது. ஆனாலும் எனக்கு உதவியது. ஆலோசகரின் பிரதியில் பெயர்கள் இருந்தன. பெற்றோருக்கான பிரதியில் அவரவர் பிள்ளையின் பெயர் மட்டும்; மற்றவர்கள் 'மாணவர் 2', 'மாணவர் 3'.

கை பட்டுவிட்டது என்ற பையனின் அம்மா மறுநாள் கோபத்தோடுதான் வந்தார். தன் மகன் சொன்னது அவன் வார்த்தையிலேயே இருப்பதைக் கண்டு மெதுவாக உட்கார்ந்தார். அடுத்த வரிகளையும் படித்தார். கடைசியில் விரலை ஒரு வரியில் வைத்து, "நாலு பேருன்னு போட்டிருக்கீங்களே டீச்சர், மத்த மூணு பேரு வீட்டுக்கும் சொல்லிட்டீங்களா?" என்றார்.

சொல்லவில்லை. முந்தைய நாள் எழுதியதில் கைவைக்காமல், கீழே அன்றைய தேதியைப் போட்டு ஒரு வரி சேர்த்தேன்: "மற்ற மூவரின் பெற்றோரையும் இன்று காலை 10.20க்குத் தொலைபேசியில் அழைத்தேன்."