நோ, கிராத்சியே

கொட்டாஞ்சேனையில் இருந்து பலெர்மோவுக்குப் புறப்பட்ட ஓர் அன்ரிக்கு நான் எழுதிக்கொடுத்த ஒற்றைத் தாளில் ஒரு வரி பிழையாக இருந்தது. இத்தாலிய மொழியில் அது பிழையில்லை. அந்த வரியை எதற்குப் பயன்படுத்தச் சொன்னேனோ, அதுதான் பிழை. அதனால் அவர் உடம்புக்கு ஆபத்து வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் எங்கள் ஆட்கள் கன காலமாக இருக்கிறார்கள். நானும் அங்கே வீட்டு வேலை செய்து, மொழியைக் காதால் பழகி, பிறகு வெள்ளவத்தைக்குத் திரும்பியவன். மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவோ பேரப்பிள்ளையைப் பார்க்கவோ முதல் தடவையாகப் போகிற அம்மாமார், யாரோ சொல்லி என்னிடம் வருவார்கள். பார்மசி, ரயில் நிலையம், வழி கேட்பது இந்த மூன்றுக்கும் தேவையான வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுப்பேன். காசு வாங்கியதில்லை. ஆனால் அவர்கள் என் இத்தாலிய மொழியை மெச்சுவது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நீளமான, மரியாதை நிறைந்த வசனங்களாகவே எழுதினேன். சுருக்கமாக எழுதினால் எனக்கு அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்துவிடுவார்களோ என்ற எண்ணமும் இருந்தது.

அந்த அன்ரி கெட்டிக்காரி. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிற வழியில்கூடத் தாளைப் பார்த்துப் பாடமாக்கினார். “தம்பி, நான் கேட்பன். அவங்கள் சொல்லுறது எனக்கு விளங்காட்டி என்ன செய்யிறது?” என்று கேட்டார். சரியான கேள்வி. நான் யோசிக்காமல், “விளங்காட்டி ‘நோ, கிராத்சியே’ எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ அன்ரி. வேண்டாம், நன்றி எண்டு அர்த்தம். கடையில தேவையில்லாத சாமானை உங்கட தலையில கட்டமாட்டாங்கள்” என்றேன். அதைத் தாளின் அடியில் நானே எழுதியும் கொடுத்தேன்.

பலெர்மோவில் அவருக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்தன. மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற இடம்தான் பார்மசி என்று நான் சொல்லியிருந்ததால், தனியாகவே கண்டுபிடித்துப் போனார். “வொர்ரேய் க்வால்கோசா பேர் இல் ரஃப்ரெத்தோரே” என்று கேட்டார். தடிமனுக்கு ஏதாவது தாருங்கள் என்பது அதன் பொருள். அவ்வளவு திருத்தமாகக் கேட்டவருக்கு மொழி தெரியும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கவுண்டரில் நின்ற பெண் முறையாகவே நடந்துகொண்டார். “சோஃப்ரே தி ப்ரெஸ்ஸியோனே ஆல்தா?” என்று கேட்டார். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறதா? அன்ரி, “நோ, கிராத்சியே” என்றார். “ப்ரெந்தே ஆல்த்ரே மெதிச்சீனே?” வேறு மருந்து எடுக்கிறீர்களா? அதற்கும் “நோ, கிராத்சியே.”

அன்ரி பல வருஷமாகப் பிரஷருக்குக் குளிசை எடுப்பவர். அவருக்குக் கிடைத்தது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற தடிமன் தூள். அப்படியான பைக்கற் ஒன்றில் பரசிட்டமோல் 600 மில்லிகிராம் அளவிலும், மூக்கடைப்பைத் திறக்கிற ஃபினைலெஃப்ரின் 10 மில்லிகிராம் அளவிலும் இருக்கும். ஃபினைலெஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால்தான் மூக்குத் திறக்கிறது. அதே காரணத்தால் பிரஷரும் ஏறலாம். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொடுக்கிறார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. கொழும்பிலிருந்து கொண்டுபோன பனடோல் கார்ட் அவரிடம் இருந்தது. பனடோலும் பரசிட்டமோல்தான், ஒரு குளிசையில் 500 மில்லிகிராம். தூள் தடிமனுக்கு, பனடோல் காய்ச்சலுக்கு என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் தூள் ஒன்றும் பனடோல் இரண்டும் எடுத்திருக்கிறார். ஒரு தடவைக்கு 1600. மூன்று தடவையில் 4800. பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரல் பாதிக்கப்படலாம். ஈரல் பாதிப்பு உடனே வெளியில் தெரியாது என்பதுதான் பயம். அவருக்குத் தெரிந்தது தலையிடியும் நெஞ்சுப் படபடப்பும்தான். இரவு மகள் வந்து பிரஷர் பார்த்தபோது நன்றாக ஏறியிருந்தது. இரவு நேர மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். பைக்கற்றைப் பார்த்தவுடன் அவர் இரண்டையும் நிறுத்தச் சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரஷரும் இறங்கியது.

மகள் தொலைபேசியில் என்னை ஏசவில்லை. “அண்ணா, அந்த வசனத்தை ஏன் அம்மாவுக்குச் சொல்லிக்குடுத்தீங்கள்?” என்று மட்டும் கேட்டார். அங்கே பார்மசியில் கேள்வி கேட்டுவிட்டுத்தான் மருந்து தருவார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். தெரிந்திருந்தும், அன்ரி பேசப்போகும் வசனங்களை அழகாக்குவதில் இருந்த அக்கறை, அவர் கேட்கப்போகும் வசனங்களில் எனக்கு இருக்கவில்லை.

அந்தத் தாளின் பிரதியை எடுத்துத் திரும்பப் படித்தேன். ரயில் பகுதியும் அப்படித்தான் இருந்தது. “தா க்வாலே பினாரியோ பார்தே இல் த்ரேனோ பேர் பகெரீயா?” பகெரீயாவுக்கு எந்த மேடையில் ரயில் புறப்படும் என்று கேட்க எழுதியிருந்தேன். பதிலாக வருகிற சேய் என்பது ஆறு, செத்தே என்பது ஏழு என்று எழுதவில்லை. ‘ரித்தார்தோ’ என்றால் ரயில் பிந்துகிறது, ‘சொப்ப்ரெஸ்ஸோ’ என்றால் அன்றைக்கு அந்த ரயிலே இல்லை என்றும் எழுதவில்லை. காகிதத்தில் வாங்கிய உள்ளூர் ரயில் ரிக்கற்றை ஏறுவதற்கு முன் மேடையில் உள்ள பெட்டியில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கிய ரிக்கற்றுக்கும் தண்டம் கட்ட வேண்டி வரும். அதற்கு எந்த வசனமும் தேவையில்லாததால் என் தாளில் அது இடம்பெறவே இல்லை.

வழி கேட்கிற பகுதியில், சாந்தா ரொசாலியா கோயில் இருக்கிற மலைக்கு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க மூன்று விதமாக எழுதியிருந்தேன். பதிலுக்கு வரக்கூடிய த்ரீத்தோ, தெஸ்த்ரா, சினிஸ்த்ரா ஒன்றுகூட இல்லை. முதலாவது நேரே, இரண்டாவது வலது, மூன்றாவது இடது. வேகமாகச் சொன்னால் முதல் இரண்டும் புது ஆளுக்கு ஒன்றுபோலவே கேட்கும். எதிரில் நிற்பவரின் கையைப் பார்க்கச் சொல்லியிருந்தாலே போதும்.

இப்போது எழுதிக்கொடுக்கிற தாளில் முதலில் இருப்பது கேள்வி இல்லை. “நோன் கப்பீஸ்கோ”, விளங்கவில்லை. “புவோ ஸ்க்ரீவெர்லோ, பேர் ஃபவோரே?”, தயவுசெய்து எழுதித் தருவீர்களா? எழுதி வாங்கினால் மகளிடம் காட்டலாம். பார்மசிக்கு “ஓ லா ப்ரெஸ்ஸியோனே ஆல்தா”, எனக்குப் பிரஷர் இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவருக்கு “ஓ இல் தியாபேத்தே”. எடுக்கிற குளிசைகளின் பெயரை டொக்டரிடம் ஆங்கில எழுத்தில் எழுதி வாங்கித் தாளோடு பின் பண்ணச் சொல்கிறேன். அம்லோடிபின் அங்கே அம்லோதிபீனா, மெட்ஃபோர்மின் அங்கே மெத்ஃபொர்மீனா. பார்த்தவுடன் பார்மசிக்காரருக்கு விளங்கும். பனடோல் என்ற பெயரை நம்பியிருக்காமல் பரச்செத்தமோலோ என்று சொல்லவும், வாங்குகிற பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் கொண்டுபோன பனடோலை அதோடு எடுக்காமல் விடவும் சொல்கிறேன். நான்தான் பார்மசிக்காரர் என்று வைத்து, எதிரில் இருந்து வேகமாகக் கேள்வி கேட்டுப் பார்த்த பிறகே தாளைக் கொடுக்கிறேன்.

பழைய தாளை வாங்கியவர்களில் தொலைபேசி எண் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் அது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் போட்டோகொப்பியாகக் கைமாறியிருக்கிறது. எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தெரியாது. உங்கள் வீட்டில் யாரிடமாவது நான் எழுதிய அந்தத் தாள் இருந்தால், அடியில் உள்ள “நோ, கிராத்சியே” என்ற வரியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் “நோன் கப்பீஸ்கோ” என்று எழுதிக்கொடுங்கள்.