அம்மாவின் சீலை, என் யன்னல்

லண்டனில் எங்கள் வீடு கீழ்த்தளம். ரோட்டால் போகிறவர்களுக்கு என் அறை அப்படியே தெரியும். யன்னலின் அகலம் 120 சென்டிமீட்டர். அதே அகலத்தில் ஒரு மெல்லிய துணி வாங்கி மாட்டினேன். மடிப்பே விழவில்லை, கொடியில் காயப்போட்ட பெட்ஷீட் மாதிரித் தொங்கியது.

"ரெண்டு மடங்கு துணி வேணும் பிள்ளை" என்றா அம்மா. அலுமாரிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வொயில் சீலையை எடுத்தா. நான் பட்டுச் சீலைதான் கேட்டேன். வெயில் பட்டால் பட்டு இத்துப்போகுமாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சீலை. கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றேன், வெட்ட மனம் வரவில்லை. கடைசியில் அம்மாவே ஐந்தரை மீட்டரையும் நடுவால் வெட்டினா. ஒரு துண்டு 115 சென்டிமீட்டர் அகலம், இரண்டும் சேர்ந்தால் 230. கம்பியில் கோர்த்ததும் மடிப்புகள் தானாக விழுந்தன.

காலையில் மடிப்புகளில் துணி இரண்டு மூன்று அடுக்காக இருப்பதால் அங்கே வெளிச்சம் மங்கல், இடையில் பளிச். மேசையில் விழுந்த யன்னல் கம்பிகளின் கூரான நிழல் காணாமல் போனது. வெளியே நின்று பார்த்தேன், வெள்ளைத் துணி மட்டும்தான்.

அன்றிரவு குப்பை போடப் போனபோது திரும்பிப் பார்த்தேன். அறையில் லைட் எரிந்தது. கட்டிலில் இருந்து மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருந்த அம்மா, கண்ணாடி முதற்கொண்டு தெளிவாகத் தெரிந்தா. வெளிச்சம் கூடின பக்கம்தான் மற்றப் பக்கத்துக்குத் தெரியும். இரவில் அது எங்கள் பக்கம்.

இப்போது சீலைக்குப் பின்னால் தடித்த துணி ஒன்றும் இருக்கிறது. லைட் போடமுதல் அதை இழுத்துவிடுவேன்.