தானாக நிரம்பாத கட்டம்

மார்ச் மாதத்தின் கடைசி வாரம், இரவு பதினொன்று மணி. தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவி தன் விடுதி அறையில் மூன்றாம் இயலின் அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் அதே ஆய்வகத்தில் இரண்டு மேசை தள்ளி அமர்ந்திருக்கும் சக ஆய்வாளர். நிலுவையில் உள்ள உதவித்தொகையைப் பெற வங்கி விவரத்தைச் சரிபார்க்க வேண்டும், இன்று நள்ளிரவே கடைசி என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஓர் இணைப்பு.

அவருக்கு நான்கு மாதங்களாக உதவித்தொகை வரவில்லை. மாதம் 37,000 ரூபாய் வீதம் கணக்கிட்டால் 1,48,000 ரூபாய். விடுதிக் கட்டணம், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் அந்தத் தொகையை நம்பியே இருந்தன. இருந்தும் அவர் கண்ணை மூடிக்கொண்டு இணைப்பைச் சொடுக்கவில்லை. அனுப்பியவரின் பெயரோடு முகவரியையும் பார்த்தார். பல்கலைக்கழகத்தின் உண்மையான முகவரி அது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இணைப்பைத் திறந்ததும் வழக்கமான உள்நுழைவுப் பக்கம், பல்கலைக்கழகச் சின்னத்தோடு வந்தது. முகவரிப் பட்டையில் பூட்டுக் குறியும் இருந்தது.

ஒன்று மட்டும் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. அவருடைய உலாவி ஒவ்வொரு நாளும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தானாகவே நிரப்பிவிடும். அன்று இரண்டு கட்டங்களும் காலியாக நின்றன. உலாவி ஏதோ மாறியிருக்கும் என்று எண்ணிக் கடவுச்சொல்லை நினைவிலிருந்து தட்டச்சிட்டார். கடவுச்சொல் தவறு என்று செய்தி வந்தது. மறுபடி இட்டார். இம்முறை அஞ்சல்பெட்டி திறந்தது. உதவித்தொகை பற்றிய பக்கம் எதையும் காணவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உறங்கப் போனார்.

மறுநாள் பிற்பகல், தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்திருந்த முதலாண்டு மாணவர் ஒருவர் தயக்கத்தோடு அவர் மேசைக்கு வந்தார். “அக்கா, நேற்று இரவு நீங்கள் அனுப்பிய இணைப்பில் எல்லா விவரமும் கொடுத்துவிட்டேன். பணம் எப்போது வரும்?” அப்போதுதான் நடந்தது அவருக்குப் புரிந்தது.

இந்த மோசடிக்குப் பெயர் ஃபிஷிங். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியே இது. முதலெழுத்தை மட்டும் மாற்றி ph என்று எழுதுகிறார்கள். தொலைபேசி இணைப்புகளைக் குறுக்குவழியில் பயன்படுத்திய அமெரிக்க இளைஞர்கள் 1970-களில் தங்களை ‘ஃப்ரீக்’ என்று அழைத்துக்கொண்டு அதை ph கொண்டு எழுதினார்கள். அந்த வழக்கத்தின் எச்சமே இந்த எழுத்து என்பது பொதுவான விளக்கம். 1990-களின் நடுவில், ஏஓஎல் இணையச் சேவையின் பயனர்களுக்கு அந்நிறுவன ஊழியர் போல் செய்தி அனுப்பிக் கணக்கைச் சரிபார்க்கக் கடவுச்சொல் கேட்டவர்களின் செயலுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் வாசகம் பெரிதாக மாறவில்லை. கணக்கைச் சரிபார்க்க வேண்டும், உடனே செய்ய வேண்டும் என்ற இரண்டே இரைகள்தான் இன்றும் தூண்டிலில் இருக்கின்றன.

அந்த மாணவி பார்த்த அடையாளங்கள் ஏன் அவரைக் காக்கவில்லை? அனுப்பியவரின் முகவரி உண்மையானதே. ஆனால் முகவரி, செய்தி எந்தக் கணக்கிலிருந்து புறப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். அந்தக் கணக்கில் அப்போது யார் அமர்ந்திருந்தார் என்பதைச் சொல்லாது. சக ஆய்வாளரின் கணக்கு அதற்கு முன்பே திருடப்பட்டிருந்தது. பூட்டுக் குறி, உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும் சான்று. தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்பதற்கு அது சான்று இல்லை. அதற்கான சான்றிதழை எவரும் சில நிமிடங்களில் இலவசமாகப் பெறலாம்.

முகவரிப் பட்டையில் இருந்தது ஏறத்தாழ இப்படி:

```
https://univ.ac.in.scholar-login.example/verify
```

இடமிருந்து படித்தால் கண் `univ.ac.in` என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் தளத்தின் உரிமையாளரை அறிய வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். `https://` என்பதை அடுத்து முதலில் வரும் சாய்கோடு வரையிலான பகுதியே தளத்தின் பெயர். அந்தப் பெயரின் வலது கோடியில் இருப்பதுதான் உரிமையாளரைக் காட்டும். இங்கே அது `scholar-login.example`. அதை வைத்திருப்பவர் அதற்கு முன்னால் எந்தப் பெயரையும் யாரிடமும் கேட்காமல் ஒட்டிக்கொள்ளலாம். `ac.in` என்பதில் முடியும் பெயர்கள் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கே வழங்கப்படுகின்றன. அது பெயரின் இறுதியில் நின்றால்தான் அந்தக் காப்பு உண்டு. நடுவில் நின்றால் அது வெறும் அலங்காரம்.

காலியாக நின்ற கட்டம் சொன்னதும் இதையேதான். உலாவி ஒரு கடவுச்சொல்லைச் சேமிக்கும்போது தளத்தின் பெயரையும் சேர்த்தே சேமிக்கிறது. சின்னமும் வண்ணமும் அதை ஏமாற்றுவதில்லை. பெயர் ஒத்தால் மட்டுமே நிரப்பும். உண்மையான தளத்திலும் சில சமயம் நிரப்பாமல் போவது உண்டு. ஆகவே காலிக் கட்டம் மோசடிக்கு முடிவான சான்று ஆகாது. கையை எடுத்துவிட்டு முகவரியை வலமிருந்து படிக்க அது போதுமான காரணம். முதல் முறை கடவுச்சொல் தவறு என்று வந்ததும் தற்செயல் அன்று. முதலில் இட்டதைப் பறித்துக்கொண்டு, அந்தப் பக்கம் அவரை உண்மையான தளத்துக்குத் திருப்பிவிட்டது. இரண்டாம் முறை அவர் நுழைந்தது சொந்த அஞ்சல்பெட்டிக்குள்தான். அதனால் ஐயம் எழவே இல்லை.

கணினி மையத்தில் அவரது கணக்கைத் திறந்து பார்த்தபோது, அவர் உருவாக்காத ஒரு வடிகட்டி விதி அங்கே இருந்தது. மோசடி, போலி ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் உள்ள எல்லா அஞ்சலும் நேரே குப்பைக்குப் போகும்படி அமைத்திருந்தார்கள். “இது நீங்கள் அனுப்பியதுதானா?” என்று கேட்டு வந்த நான்கு பதில்கள் அங்கே படிக்கப்படாமல் கிடந்தன. கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தியிருந்தால் அந்த விதி அப்படியே இருந்திருக்கும். திருடர் ஏற்கெனவே நுழைந்திருந்த அமர்வும் தொடர்ந்திருக்கக்கூடும். எனவே எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, விதியை நீக்கி, வேறு முகவரிக்கு அஞ்சல் திருப்பப்படுகிறதா என்று பார்த்து, மீட்பு எண்ணையும் சரிபார்த்தார்கள். வங்கி விவரம் கொடுத்திருந்த முதலாண்டு மாணவர் வங்கியை அழைத்துத் தன் அட்டையை முடக்கினார். பணம் போகவில்லை. போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கோ `cybercrime.gov.in` தளத்துக்கோ தாமதமின்றித் தெரிவித்திருக்க வேண்டும்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் மீட்க வழி உண்டு.

மாலையில் அவர் சக ஆய்வாளரிடம் போனார். தன் கணக்கு பறிபோனது அவருக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கே தெரிந்திருந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆறு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மின்னஞ்சலை மாணவி திறந்திருக்க மாட்டார். அவர்மீது எழுந்த கோபம் நெடுநேரம் நிற்கவில்லை. தன் பெயரில் அஞ்சல் போன பதினொரு பேரின் பட்டியல் அவர் கையிலும் இருந்தது. அவர்களில் பலர் அவரை முன்மாதிரியாகக் கருதும் இளையவர்கள்.

அஞ்சலில் எழுதினால் அதையும் யார் நம்புவார்? ஆகவே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தார். தான் ஏமாந்ததை முதலில் சொன்னார். அதன் பிறகே அவர்கள் செய்ய வேண்டியதைச் சொன்னார். ஏழாவது அழைப்பில் ஒருவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, தானும் கடவுச்சொல் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்.