பறப்பை ரத்துச் செய்தது யார்?

2020 மார்ச் 19 முதல் கட்டுநாயக்கவில் பயணிகள் வந்திறங்குவது நிறுத்தப்பட்டது. எங்கட பாடசாலை ஆசிரியர் ஒருவரின் தம்பி அப்போது தோஹாவில். ஊருக்கு வர இருந்த பறப்பை விமானக் கம்பனி ரத்துச் செய்து, காசுக்குப் பதிலாக வவுச்சர் தருவதாக மின்னஞ்சல் அனுப்பியது. தேற்றாத்தீவிலிருந்து தகப்பனார் போன் எடுத்தார். "சேர், காசைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க."

"நான் பயணத்தை ரத்துச் செய்கிறேன்" என்று எழுதினால் பயணி தானாக விலகியதாகக் கொண்டு, கட்டணம் கழிப்பார்கள். ஆகவே இப்படி எழுதினோம்: "இந்தப் பறப்பை ரத்துச் செய்தது நீங்கள். வவுச்சரோ வேறு திகதியோ எனக்கு வேண்டாம். முழுக் காசையும் செலுத்திய வழியிலேயே திருப்பித் தாருங்கள்." ரத்து அறிவித்த மின்னஞ்சலை இணைத்தோம். ஆறு எழுத்துப் பதிவுக் குறியீட்டோடு, 13 இலக்க டிக்கெட் நம்பரையும் போட்டோம். காசு கொடுக்கும் பகுதி பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

டிக்கெட் மட்டக்களப்பு முகவரிடம் எடுத்தது. கம்பனி விடும் காசு அவர் வழியாகத்தான் வரும் என்பதால், கடிதப் பிரதியை அவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினோம். மூன்று மாதத்தில் காசு வந்தது. முகவரின் சேவைக் கட்டணம் மட்டும் திரும்பவில்லை.

பறப்பு நடக்காது என்று தெரிந்தாலும், கம்பனி அறிவிக்குமுன் நீங்களாக ரத்துச் செய்ய அவசரப்படாதீங்க.