கிழக்குப் பக்கம் குதிக்காத

எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் நாலு பக்கமும் கல்கட்டு. தெற்கே பம்புசெட் அறை. அதன் மொட்டைத் தளத்திலிருந்து ஓடிவந்து குதிப்பதில் என் சேக்காளியை மிஞ்ச ஆளில்லை. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி எனக்கு நீச்சல் பழக்கியவனும் அவன்தான். தண்ணீருக்குள் போனால் வெகுநேரம் வரமாட்டான். நாங்கள் பயந்து கத்தத் தொடங்கும்போது எதிர்ப்பக்கத்தில் தலை தெரியும்.

ஏழாம் வகுப்பு படிக்கையில், புரட்டாசி மாதம், அவனை மூளைக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது கன்னமெல்லாம் ஒட்டிப்போய் வேறு யாரோ மாதிரி இருந்தான். அதன்பிறகு பல நாள் நான் கிணற்றுப் பக்கம் குளிக்கப் போகவில்லை.

ஐப்பசி மழை நாலைந்து நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில் அவன் கனவில் வந்தான். பம்புசெட் அறை மேல் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் தண்ணீர் சொட்டியது. கன்னம் பழையபடி உப்பலாக இருந்தது. அவன் செத்துப்போனது எனக்குக் கனவிலும் தெரியும். ஆனாலும் அவன் அங்கே இருப்பது விசித்திரமாகத் தோன்றவில்லை. “லே, கிழக்குப் பக்கம் குதிக்காத. கல்லு கெடக்கு” என்றான். வேறொன்றும் பேசவில்லை. முழித்துக்கொண்டேன்.

ஆச்சி அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே சொன்னேன். அவள் பதறவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள். “மூஞ்சி எப்படி இருந்துச்சு? ஒன்ன வான்னு கூப்பிட்டானா? கையில எதாவது வாங்குனானா, குடுத்தானா? என்ன சொன்னான், அவன் சொன்ன மாதிரியே சொல்லு.” எங்கள் ஊர்க் கணக்குப்படி செத்தவர்கள் கூப்பிட்டு, நாம் கூடவே போனால் அது கெட்ட கனவு. அவன் கூப்பிடவில்லை என்றதும் ஆச்சி பெருமூச்சு விட்டாள். “விடியக்காலத்துக் கனவு, பத்து நாளைக்குள்ள பலிக்கும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மாமாவை எழுப்பப் போனாள்.

பத்து நாள் என்பது ஆச்சியின் கற்பனை இல்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பொன்னவன் எழுதிய கனா நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமம் எட்டு மாதம், மூன்றாம் சாமம் மூன்று மாதம், கடைசிச் சாமம் பத்து நாள். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. அது வாய்வழியாகவே அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. விடியற்காலைக் கனவுக்கு மட்டும் ஏன் இத்தனை மதிப்பு என்பதற்கு உறக்க ஆய்வில் ஒரு காரணம் கிடைக்கிறது. மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் ஓர் உறக்க நிலை உண்டு என்று 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. சுமார் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை அது திரும்ப வரும். விடியலை நெருங்க நெருங்க அதன் நேரம் நீளும். அதன் நடுவில் முழிப்புத் தட்டினால் கண்ட கனவு பெரும்பாலும் நினைவில் நிற்கும். நடுச்சாமத்துக் கனவுகளில் பெரும்பாலானவை காலையில் மிஞ்சுவதே இல்லை.

மாமா துரட்டிக்கம்பை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். கிணறு நிறைந்து கலங்கலாகக் கிடந்தது. மேற்கே கம்பை விட்டார், முழுக்க இறங்கியது. வடக்கிலும் அப்படியே. கிழக்கே விட்டபோது இரண்டு முழத்தில் “டக்” என்று நின்றது. கொஞ்சம் தள்ளித் தட்டினார், அங்கேயும் கல். நிமிர்ந்து பார்த்தால், கல்கட்டின் மேல்வரிசையில் பல் விழுந்த இடம்போல ஒரு பொக்கை. மழையில் மண் கரைந்து, கல் சரிந்து, தண்ணீருக்குள் மறைந்திருந்த உள்படியின் மேல் உட்கார்ந்துவிட்டது. மேலிருந்து யார் குதித்திருந்தாலும் மண்டை பிளந்திருக்கும்.

அன்று ஊர் முழுக்க அதுதான் பேச்சு. நானும் பல ஆண்டுகள் அப்படியேதான் நம்பினேன்: அவன் வந்து சொல்லிவிட்டுப் போனான். பின்னால் அந்த நாட்களை நிதானமாக நினைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. முந்தின நாள் மாலை, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு கிணற்று மேட்டு வழியாகத்தான் வந்தேன். கிழக்குக் கரையில் செம்மண் வழிந்த தடத்தையும் அந்தப் பொக்கையையும் கண் பார்த்திருக்கிறது. மனம் அதைப் பொருட்படுத்தவில்லை. இரவில் அந்தச் சேதி மேலே வந்தபோது அதைச் சொல்லத் தகுந்த ஆளையும் மனமே தேர்ந்தெடுத்திருக்கிறது. கிணற்றைப் பற்றி யார் சொன்னால் நான் கேட்பேன்? அவன் சொன்னால் மட்டும்தான். இப்படி எண்ணிப் பார்ப்பதால் அவன் எனக்குக் குறைந்துபோகவில்லை. செத்த பிறகும் என்னைக் காப்பாற்றுகிற அளவுக்கு அவன் குரல் எனக்குள் பதிந்திருந்தது.

செத்தவர் கனவில் வந்து சொல்வது உண்மைதானா என்ற இந்த வழக்கு மிகப் பழையது. ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் குறிபார்த்தலைப் பற்றி இரண்டு பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். முதற்பகுதியில் ஒரு கதை வருகிறது. மெகாரா ஊரில் இரு நண்பர்கள் வெவ்வேறு இடங்களில் தங்குகிறார்கள். சத்திரத்தில் தங்கியவன் மற்றவன் கனவில் வந்து, சத்திரக்காரன் தன்னைக் கொல்லப்போவதாகச் சொல்கிறான். இவன் எழுந்து, வெறும் கனவென்று மறுபடி படுத்துவிடுகிறான். செத்தவனாக அவன் மீண்டும் வந்து, தன் உடலைக் குப்பை வண்டியில் மறைத்திருப்பதாகச் சொல்கிறான். காலையில் ஊர்வாசலில் வண்டியை மறித்தால் பிணம் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் சிசரோவே பதில் சொல்கிறார்: நாள் முழுக்க ஈட்டி எறிகிறவனுக்கு ஒன்றாவது குறியில் படாதா? நாம் இரவெல்லாம் கனவு காண்கிறோம். அதில் எப்போதாவது ஒன்று பலித்தால் வியப்பென்ன?

பலிக்காத கனவும் எனக்கு உண்டு. சென்னையில் முதல் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு, என் சேக்காளி நெல்லை ஜங்ஷன் நடைமேடையில் அதே சிறுவனாக நின்று “போகாத” என்றான். துரட்டிக்கம்பு விட்டுத் தொட்டுப்பார்க்க இந்தச் சொல்லில் எதுவும் இல்லை. எந்த இடம், எந்தப் பொருள் என்று அவன் காட்டவில்லை. அந்த வாரம் எனக்குள் என்ன ஓடியது என்று யோசித்தேன். ஆச்சிக்கு மூச்சிரைப்பு, ராத்திரியில் அவள் தனியாகக் கிடப்பாளே என்ற கவலை. சித்தியை ஆச்சி வீட்டில் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ரயிலேறினேன். பயணத்தில் ஒரு குறையும் வரவில்லை.

கிணற்றில் கல் விழுந்து கிடந்ததைக் கண்ட அன்று சாயங்காலம் ஆச்சி என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வழியில், “கல்லு கதையெல்லாம் அங்க பேசாத. எப்படி இருந்தான்னு மட்டும் சொல்லு” என்றாள். அவன் அம்மாவும் அதைத்தான் கேட்டார். “கன்னம் ஒட்டியா இருந்தான்?” “இல்ல அத்த, முன்ன மாதிரியே நல்லா இருந்தான்.” அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. இறந்தவர்கள் நோய் நீங்கிய முகத்தோடு கனவில் வந்ததாகப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெற்றவளுக்கு அந்த ஒரு சேதி போதும். பிள்ளை எச்சரித்தான், ஏவினான், எதையோ கேட்டான் என்று கொண்டுபோனால், அதை நிறைவேற்றும் பாரமும் அவள் தலையில்தான் ஏறும்.

இன்று யாராவது இப்படியொரு கனவைச் சொன்னால் நானும் ஆச்சியின் வரிசையிலேயே கேட்கிறேன். முகம் எப்படி இருந்தது, சொன்ன சொல் என்ன, முந்தின நாள் எங்கே போனாய், எதைப் பார்த்தாய். சொல்லில் கையால் தொட்டுச் சோதிக்க ஏதாவது இருந்தால் அன்றே சோதித்துவிட வேண்டும்: கேஸ் குழாய், வண்டி பிரேக், தள்ளிப்போட்டுவந்த மார்வலி. இல்லையென்றால் எந்தப் பயத்துக்குக் கனவில் வந்தவர் வாய் கொடுத்தார் என்று தேட வேண்டும். அதே கனவு இரவுக்கிரவு வந்து, படுக்கவே அஞ்சும் நிலை மாதக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். செத்தவர் கூப்பிட்டாரே என்று கலங்குகிறவரை மட்டும் அன்றிரவு தனியாகப் படுக்கவிடக் கூடாது.