பிரசவ அறைக்குப் போன ஒரு காகிதம்

எனக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவில்லை. வளைகாப்பு முடிந்ததும் அம்மா அழைத்துப் போகத் தயாராக வந்தாள். டாக்டரம்மாதான் தடுத்துவிட்டார். அம்மாவின் கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். "உன் உடம்புக்கு அந்த ஒன்றரை மணி நேரம் ரொம்ப ஜாஸ்தி" என்றார். கடைசியில் அம்மாதான் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள்.

எனக்கு அடிஸன் வியாதி. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் எனக்கு வேலை செய்வதில்லை. 2014-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வருஷமாக உடம்பு இளைத்தது, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்தன, ஊறுகாயை வெறுமனே எடுத்துத் தின்பேன். அன்றிலிருந்து தினமும் ஹைட்ரோகார்டிசோன் 20 மில்லிகிராம். காலை எழுந்ததும் 10, மத்தியானம் 5, சாயங்காலம் 5. அத்துடன், உடம்பில் உப்பு தங்குவதற்காக ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை ஒன்று. ஆரோக்கியமானவர்களுக்கு உடம்பே சுரந்துகொள்வதை நான் வாயில் போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

2018-ல் நாள் தள்ளிப்போனது. ஒன்பதாவது வாரம் மசக்கை ஆரம்பித்தது. ஒருநாள் காலை மாத்திரை போட்ட பத்து நிமிஷத்தில் வாந்தி. மறுபடி போட்டேன், அதுவும் வெளியே வந்துவிட்டது. "மசக்கையின்னா அப்படித்தான் இருக்கும், படுத்துக்கோ" என்றார் மாமியார். மத்தியானம் எழுந்து நிற்கப் போனவள் கண் இருட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டு, சலைனும் ஏற்றினார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன்.

"மசக்கை வாந்தியும் இந்த வியாதியின் ஆபத்தும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். எதுவென்று யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது" என்றார் டாக்டரம்மா. மாத்திரை விழுங்கி அரை மணிக்குள் வாந்தி வந்தால் இன்னொரு முறை போட வேண்டும். அதுவும் தங்காவிட்டால் தொடையில் 100 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். ஊசி மருந்தும் சிரிஞ்சும் வீட்டிலேயே இருக்க ஏற்பாடு செய்தார். மருந்துப் பொடியைக் கரைத்து ஊசி போட என் கணவருக்கு நர்ஸ் கற்றுக்கொடுத்தார்.

ஏழாம் மாதம் வேறொரு பிரச்னை வந்தது. ஹைட்ரோகார்டிசோனை 25 மில்லிகிராமாகக் கூட்டினார்கள். மத்தியான மாத்திரை 5 இருந்தது 10 ஆயிற்று. மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "ஸ்டீராய்டும்மா அது. உன்னைவிடு, வயித்துல இருக்கற சிசு என்ன பாடுபடும்?" அவர் சொல்லச் சொல்ல எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல் கூட்டின மாத்திரையை நான்கு நாள் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் குளித்துவிட்டு வந்தவளுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்தால், படுத்திருக்கும்போது 104, எழுந்து நின்றதும் 82.

டாக்டரம்மாவிடம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் பதறவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. மாமியாரைப் பார்த்துத்தான் பேசினார். "பாட்டி, கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சுரப்பு தானாகவே கூடும். உங்களுக்கும் கூடினதுதான், உங்களுக்குத் தெரிந்திருக்காது. இவளுக்குத் தானாகக் கூடாது, அதனால் நாம் கூட்டுகிறோம். இந்த மருந்தில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்க வைத்துவிடும், குழந்தைக்குப் போவது சொற்பம். அப்படிச் செயலிழக்காமல் தாண்டிப்போகிற ஸ்டீராய்டும் உண்டு, டெக்ஸாமெதாஸோன் என்று பெயர். அதை இவளுக்கு தினசரி மருந்தாகக் கொடுக்க மாட்டோம்."

மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்போ குறைச்சாத்தான் ஆபத்தா?" என்றார். "ஆமாம். தாயின் அழுத்தம் விழுந்தால் குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறையும்" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கே ஒரு காகிதத்தில் பிரசவத்துக்கான திட்டத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. முதலாவது: பிரசவ வலி கண்டதும் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி. சிஸேரியன் என்றாலும் ஆரம்பத்தில் இதேதான். இரண்டாவது: பிறகு குழந்தை பிறக்கும்வரை ஆறு மணிக்கு ஒருதரம் 50. மூன்றாவது: குழந்தை பிறந்தபின் இரண்டு நாளைக்கு மாத்திரை, கர்ப்பத்துக்கு முந்தைய அளவைப்போல் இரட்டிப்பு. அதன்பின் பழைய அளவு. நான்காவது: அழுத்தம் விழுந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு தடுமாறினாலோ காத்திராமல் மறுபடி 100 ஊசியும் சலைனும். இந்த வியாதிக்காக மட்டும் சிஸேரியன் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். நான்கு நகல் எடுத்தோம். ஒன்று என் பையில், ஒன்று கணவரின் பர்ஸில், ஒன்று ஆஸ்பத்திரி ஃபைலில். நான்காவதை மாமியார் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

நவம்பர் மாதம் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு வலி எடுத்தது. இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டார்கள். காலை எட்டு மணிக்கு அடுத்தது. பத்தே முக்காலுக்குப் பெண் குழந்தை, 2 கிலோ 800 கிராம், சுகப்பிரசவம். எல்லோரும் மாலை மாற்றாத குறை!

அப்போதுதான் எல்லோரும் அசந்துவிட்டோம். மத்தியானம் நர்ஸ் ஷிஃப்ட் மாறியது. "குழந்தைதான் பிறந்தாச்சே, இனிமே எதுக்கு ஊசி?" என்றார் புதிதாக வந்தவர். மாத்திரையும் யாரும் கொடுக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நாலு மணிக்குக் குழந்தையைப் பக்கத்தில் போட்டார்கள். எனக்கு அதைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தெம்பு இல்லை, குமட்டியது. "பெத்த அசதி" என்றாள் அம்மா. மாமியார் என் கையைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்திருக்கிறது. முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

"இதிலே மூணாவதா எழுதியிருக்கே, ஏன் குடுக்கலை? நாலாவதையும் படிங்கம்மா!"

அழுத்தம் 84 ஆக இருந்தது. உதிரப்போக்கு அதிகமா என்று டாக்டரம்மா முதலில் பார்த்தார், இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 100 ஊசி ஏறியது, சலைனும் வேகமாக ஓடியது. விளக்கு வைக்கும் நேரம் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். பிறகு இரண்டு நாள் 40 மில்லிகிராம், மூன்றாம் நாள் முதல் பழையபடி 20. பாலில் போவது மிகக் குறைவு, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியச் சமையலைப் பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு உப்பைக் குறைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். மாமியார் ரசத்தில் ஒரு சிட்டிகை உப்பைக் கூடப் போட்டுக் கலக்கினார். "இவ கணக்கு வேற, மாமி" என்றார். அந்தக் காகிதம் இன்னும் அவர் பீரோவில்தான் இருக்கிறது.