அப்பாயி சொன்னது

ஜனவரி 6, 2025, டொரன்டோ

மன்னார்குடியில் விடிகாலை ஐந்து மணி என்றால் இங்கே முதல் நாள் மாலை ஆறரை. வேலை முடிந்து ரயில் ஏறும் நேரத்துக்கு அப்பாயியின் குரல்பதிவு வந்துவிடும். இன்றைக்கு ஏழு நிமிடம். வாசலில் பூசணிப்பூ வைத்தது, சம்பா அறுக்க மிஷின் கிடைக்குமா என்ற கவலை, பெரியம்மா மேல் பழைய வருத்தம். கோலக்கதையின் நடுவே ஒரு வரி: "செருப்பு காலுல ஏற மாட்டேங்குது ஆயி, வெறுங்காலோடதான் நின்னேன்."

குடும்பக் குழுவில் அதன் சுருக்கமாக இரண்டே வரி போட்டேன். மிஷினுக்குச் சித்தப்பா சொல்லிவைக்க வேண்டும். அடுத்தது செருப்பு, அதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதினேன். பெரியம்மா விஷயம் என்னிடம் இறக்கிவைத்த பாரம், குழுவுக்கு இல்லை.

ஜனவரி 7

அத்தை மகள் செவிலியர். உடனே கேட்டாள்: "ரெண்டு காலுமா? பேசும்போது மூச்சு வாங்குதா?"

பதிவை மறுபடி கேட்டேன், சாதாரண வேகத்தில். இரட்டை வேகத்தில் ஓட்டினால் செய்தி கிடைக்கும், மூச்சு கிடைக்காது. அப்பாயி நீளமான வாக்கியங்களைத் திணறாமல் முடிக்கிறார். படுக்கும்போதும் வழக்கம்போல ஒரே தலையணைதானாம். சித்தப்பா போய்க் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டு காலிலும் குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பியது.

ஜனவரி 9

எப்போதிலிருந்து வீக்கம் என்று கேட்டால் அப்பாயிக்கு எல்லாமே "நேத்துதான்". குழுவில் "மாத்திரை" என்று தேடினேன். டிசம்பர் 20-ல் நான் எழுதிய சுருக்கம் வந்தது: "பிரஷர் மாத்திரையைப் பெருசாக்கிட்டாங்க." சித்தப்பா அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். அம்லோடிபின், 5 மில்லிகிராம் 10 ஆகியிருக்கிறது. அளவு கூடும்போது கால் வீங்குவது இந்த மாத்திரையில் அடிக்கடி நடப்பதுதான் என்றாள் அத்தை மகள். ஆனாலும் இதயமா, சிறுநீரகமா என்று பார்க்காமல் விடக்கூடாது, மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

ஜனவரி 11

நாங்கள் எழுதிக் கொடுத்த தேதிகளை டாக்டர் படித்துவிட்டு ஈசிஜி, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார். கோளாறு ஏதும் இல்லை. மாத்திரையைப் பழையபடி 5 ஆக்கி, கூடவே வேறொன்று சேர்த்திருக்கிறார்.

ஜனவரி 27

வீக்கம் வடிந்துவிட்டது. பொங்கலுக்கு எடுத்த புதுச் செருப்பு இப்போது தொளதொள என்று இருக்கிறதாம், அதற்கு மூன்று நிமிடம் புகார்.

அடுத்த மாதம் சுருக்கம் எழுதுவது அத்தையின் முறை. அவருக்கு எழுதி அனுப்பினேன்: "மத்ததையெல்லாம் எவ்வளவு வேணும்னாலும் குறைச்சுக்குங்க அத்தை. உடம்பைப் பத்தி அப்பாயி சொன்னா, அவங்க வார்த்தையிலயே தேதி போட்டு எழுதுங்க. ஆடியோவை மட்டும் அழிச்சிடாதீங்க."